14 அடித் திரையில் 6 அடி: ஒரு பள்ளி ஆண்டு விழாப் பின்திரை, இரண்டு மாதிரிப் படங்கள்

## பின்னணி

ஒரு நடுத்தர ஊரில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கடையில் நானும் ஓர் உதவியாளரும்தான். வடிவமைப்பு என் வேலை, ஏணி ஏறுவது அவர் வேலை. பிப்ரவரி மாத ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஊரில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஓவிய ஆசிரியர் வந்தார். விழாவின் கரு ஐந்திணை. மாணவர்கள் ஐந்து பெரிய தாள்களில் போஸ்டர் கலரில் வரைந்திருந்தார்கள். குறிஞ்சி நள்ளிரவு நீலத்தில், முல்லை மாலை வெளிச்சத்தில், மருதம் விடியற்காலையில், நெய்தல் கடலில் இறங்கும் சூரியனோடு, பாலை உச்சி வெயிலில். திணைக்குரிய சிறுபொழுதைக்கூடச் சரியாகப் பிடித்திருந்தார்கள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல மூலப்படம் அதுதான்.

ஐந்தையும் ஸ்கேன் செய்து ஒரே பின்திரையாக இணைக்க வேண்டும், பள்ளியின் பெயரும் 'ஆண்டு விழா' என்ற எழுத்தும் சேர்க்க வேண்டும், அச்சுக்குப் போகும் முன் மேடையில் அது எப்படித் தெரியும் என்று ஒரு படத்தில் காட்ட வேண்டும். இதுதான் கேட்டது. நிர்வாகக் குழு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒப்புதல் தரும்.

மேடையின் புகைப்படம் ஒன்றை ஆசிரியர் தம் கைபேசியில் எடுத்து வைத்திருந்தார். அளவு கேட்டேன். "போன வருடம் 24க்கு 14 போட்டோம், அதே அளவு இருக்கட்டும்" என்றார். நான் குறித்துக்கொண்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. விழாக் காலத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து வேலை வரும். தெரிந்த பள்ளி, பழைய அளவு, கையில் புகைப்படம். போக வேண்டும் என்று தோன்றவே இல்லை.

## முதல் மாதிரிப் படம்

ஆசிரியர் எடுத்த புகைப்படம் மேடைக்கு மிக அருகில், இடதுபுறம் ஒதுங்கி நின்று எடுத்தது. அரங்கின் நடுவில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்ததால் அங்கே நிற்க இடமில்லையாம். மேடை முழுவதும் சட்டத்துக்குள் வர வேண்டும் என்று கைபேசியின் அகலக் கோண லென்ஸைப் பயன்படுத்தியிருந்தார். அதனால் மேடை முகப்பின் நேர்க்கோடுகள் ஓரங்களில் லேசாக வில்போல் வளைந்திருந்தன. ஃபோட்டோஷாப்பின் `Lens Correction` வைத்து வளைவை எடுத்தேன்.

பிறகு வழக்கமான வேலை. 24க்கு 14 விகிதத்தில் செய்த ஓவியத்தை `Convert to Smart Object` கொடுத்து புகைப்படத்தின்மேல் வைத்தேன். `Distort` எடுத்து நான்கு மூலைகளையும் மேடையின் பின்சுவர்மீது இழுத்துப் பொருத்தினேன். பின்சுவர் இடமிருந்து வலமாகச் சுருங்கிக்கொண்டே போனது. ஓவியமும் அப்படியே சுருங்கி உட்கார்ந்தது. முன்னால் தொங்கும் பக்கத்திரைகளையும் மேல் ஜாலரையும் மாஸ்க் போட்டு ஓவியத்தின்மேல் வரவழைத்தேன். ஜாலர் என்று நான் சொல்வது மேடை முகப்பின் மேல்விளிம்பில் குறுக்காகத் தொங்கும் குட்டைத் திரையை; பந்தல்காரர்கள் அதை ஃபிரில் என்பார்கள். இந்த வேலையில் அதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு. கடைசியாக மேலே கொஞ்சம் நிழல், கீழே தரையில் லேசான பிரதிபலிப்பு. பார்க்க மிக நன்றாக இருந்தது. ஒன்றரை மணி நேர வேலை.

படத்தை அன்று மாலையே அனுப்பினேன். தலைமை ஆசிரியை பார்த்தார், நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினார், மறுநாள் காலை ஒப்புதல் வந்தது. ஒரே ஒரு திருத்தம்: பள்ளியின் பெயர் இன்னும் மேலே போகட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கட்டும். செய்து கொடுத்தேன். திரையின் மேல்விளிம்பிலிருந்து அரை அடி கீழே, ஓர் அடி உயர எழுத்து.

## அளவெடுத்த நாள்

மூன்று நாள் கழித்து பந்தல்காரர் அழைத்தார். திரையை மாட்ட எத்தனை அடிக்கு ஒரு கண்ணி வைக்கப் போகிறேன் என்று தெரிய வேண்டும். பேச்சோடு பேச்சாக, "28 அடி பைப்புக்கு இரண்டு அடிக்கு ஒன்று வைத்துவிடுங்கள்" என்றார். 28 அடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். போன வருடத்துத் திரைக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு அடி இடைவெளி விழுந்து சுவர் தெரிந்ததாம். தலைமை ஆசிரியை இந்த முறை அகலப்படுத்தச் சொல்லி, அவர் பைப்பை நீட்டிவிட்டார். எனக்கு அந்தச் செய்தி வரவில்லை.

இங்கே என்னை உறுத்தியது அளவு மாறியது அல்ல. என் மாதிரிப் படத்தில் ஓவியம் பின்திரை இருக்கும் இடத்தை முழுக்க நிரப்பி, இரு பக்கத் திரைகளையும் தொட்டுக்கொண்டு நின்றது. அதாவது 24 அடி ஓவியத்தை நானே 28 அடிக்கு இழுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். `Distort` அடியையும் அங்குலத்தையும் அறியாது. எந்த விகிதத்தில் எதைக் கொடுத்தாலும் நான்கு மூலைக்குள் அடைத்துத் தரும். நேர் எதிரில் நின்று எடுத்த புகைப்படமாக இருந்தால், நெய்தல் பகுதிச் சூரியன் ஆறில் ஒரு பங்கு அகலம் கூடி முட்டை வடிவில் தெரிந்திருக்கும், பிடித்திருப்பேன். பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் எல்லாமே சுருங்கித் தெரியும். இழுப்பும் சுருக்கமும் ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துவிட்டன. சூரியன் அழகாக வட்டமாகவே இருந்தது.

அன்று பிற்பகல் டேப்பை எடுத்துக்கொண்டு உதவியாளரோடு பள்ளிக்குப் போனேன். எடுத்த அளவுகள் இவை. மேடைத் தளம் தரையிலிருந்து 4 அடி உயரம். முகப்பின் அகலம் 32 அடி. ஜாலரின் கீழ்விளிம்பு மேடைத் தளத்திலிருந்து 11 அடி. பின்திரை மாட்டும் பைப் முகப்பிலிருந்து 15 அடி உள்ளே, தளத்திலிருந்து 14 அடி உயரத்தில். பின்சுவர் அதற்கும் 3 அடி பின்னால். ஆடை மாற்றிக்கொண்டு பிள்ளைகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடுவதற்கான வழி அது. கடைசி வரிசை நாற்காலி முகப்பிலிருந்து 80 அடி.

அந்த 3 அடி இரண்டாவது தவறைக் காட்டிக் கொடுத்தது. நான் ஓவியத்தை ஒட்டியது சுவர்மீது. திரை தொங்கப் போவது சுவரில் அல்ல. புகைப்படத்தில் சுவர்தான் இருந்தது, அதனால் சுவரில் ஒட்டினேன்.

## நான்கு சார்ட் தாள்கள்

மாதிரிப் படத்தைப் புதிதாகச் செய்வது என்று முடிவு செய்தேன். இந்த முறை மூலைகளை ஊகிக்காமல், அவற்றைப் புகைப்படத்திலேயே பதியவைக்க நினைத்தேன். ஓவிய ஆசிரியரிடம் வெள்ளைச் சார்ட் வாங்கி ஓர் அடிச் சதுரமாக நான்கு வெட்டினோம். உதவியாளர் ஏணியில் ஏறி, பைப்பின் இரு முனையிலும் ஒவ்வொரு சணல் கயிற்றைத் தொங்கவிட்டார். கயிற்றின் உச்சியில் ஒரு தாள், தரையைத் தொடும் இடத்தில் ஒரு தாள். ஆக, திரை தொங்கப்போகும் அதே தளத்தில் 28க்கு 14 செவ்வகத்தின் நான்கு மூலைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரு சமதளத்தில் நான்கு புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று உறுதியானால், அந்தத் தளத்தில் உள்ள மற்ற எல்லாப் புள்ளிகளும் உறுதியாகிவிடும். மூலையை எங்கே இழுப்பது என்ற கேள்வியே எழாது.

மூன்று இடத்திலிருந்து படம் எடுத்தேன்: முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை. நிற்காமல், நாற்காலியில் உட்கார்ந்து, கண் மட்டத்தில். அகலக் கோண லென்ஸைத் தொடவில்லை. கடைசி வரிசையில் மேடை சிறிதாகத் தெரிந்ததால் ஜூம் செய்தேன். அதில் தவறில்லை. எது எதை மறைக்கிறது என்பதை நாம் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது; ஜூம் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கைபேசியைத் தூக்கியபோது கீழ்த் தாள்கள் இரண்டும் தெரிந்தன. மேல் தாள்கள் இரண்டையும் காணவில்லை. காற்றில் விழுந்துவிட்டன என்று நினைத்து, "மேலே கட்டியது என்னவாயிற்று?" என்று கத்தினேன். "அப்படியேதான் இருக்கிறது அண்ணா" என்றார் உதவியாளர் ஏணியிலிருந்து. எழுந்து பத்தடி பத்தடியாக முன்னால் நடந்தேன். இருபதடி தாண்டியதும் ஜாலருக்கு அடியிலிருந்து தாளின் கீழ்ப்பாதி எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் நடந்ததும் முழுத் தாளும் வந்தது. பின்னால் நடந்தால் மறுபடி உள்ளே போனது.

கணக்கு எளிது. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 4 அடி, அதாவது மேடைத் தளத்தின் மட்டம். அவர் பார்வை ஜாலரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு மேலேறி, 15 அடி உள்ளே இருக்கும் திரையில் படுகிறது. கிட்டே இருப்பவருக்குப் பார்வை செங்குத்தாக ஏறும். ஜாலருக்குப் பின்னால் நிறையத் தெரியும். தொலைவில் இருப்பவருக்குப் பார்வை படுக்கையாகப் போகும். கடைசி வரிசைக்கு:

```
11 × (80 + 15) / 80 = 13.06
```

14 அடித் திரையில் மேலே கிட்டத்தட்ட ஓர் அடி அவருக்குக் கிடையாது. பின்சுவரில் சாய்ந்து நின்று பார்க்கும் பெற்றோருக்குக் கண் உயரம் கூடுவதால் இன்னும் மூன்று அங்குலம் குறையும். நிர்வாகக் குழு மேலே ஏற்றச் சொன்ன பள்ளிப் பெயர் 12.5 அடியில் தொடங்கி 13.5 அடியில் முடிகிறது. சுமார் 65 அடிக்கு அப்பால் உட்காரும் எவருக்கும் அது முழுதாகத் தெரியாது. கடைசி வரிசையில் எழுத்தின் மேல்பாதிக்குச் சற்றே குறைவான பகுதி போய்விடும். தமிழ் எழுத்தில் மேல்பாதி போவது சாதாரண இழப்பல்ல. புள்ளி போகும், இகரக் கொக்கி போகும். 'பள்ளி' என்பதில் மிஞ்சுவது 'பளள' என்பதன் இடுப்புக்குக் கீழ்.

முதல் புகைப்படம் முகப்பிலிருந்து 20 அடியில் எடுத்தது. அங்கிருந்து பார்த்தால் 18 அடி உயரம் வரை தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மாஸ்க்கெல்லாம் மிகச் சரி. ஜாலர் ஓவியத்துக்கு முன்னால்தான் வந்தது. நின்ற இடம்தான் தவறு.

## கீழ்ப்பகுதியில் நடந்தது

மேலே போன ஓர் அடியைப் பார்த்த பிறகு கீழே என்ன போகும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஓவிய ஆசிரியரிடம் சொல்லி ஏழாம் வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளை வரவழைத்தோம். ஏறக்குறைய நாலரை அடி உயரம். நடனத்தில் முன்வரிசை நிற்கும் இடத்தில், முகப்பிலிருந்து 5 அடி உள்ளே, நிற்கச் சொன்னோம். கைகளைத் தூக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது, கேட்கவில்லை.

இங்கே கணக்கு தலைகீழாகிறது. மேல் இழப்பு கடைசி வரிசைக்கு அதிகம், கீழ் இழப்பு முதல் வரிசைக்கு அதிகம். 80 அடியிலிருந்து பார்ப்பவருக்குப் பிள்ளைகள் திரையின் கீழ் 5 அடியை மறைக்கிறார்கள். 20 அடியில் இருக்கும் முதல் வரிசைக்குச் சுமார் 6 அடி 4 அங்குலம். விழாப் புகைப்படக்காரர் நிற்பதும் அந்த இடத்தில்தான். மறுநாள் ஊர் முழுக்கப் போகும் படங்கள் அங்கிருந்து எடுக்கப்படுபவை. என் வடிவமைப்பில் 'ஆண்டு விழா' என்ற பெரிய எழுத்து 4 அடியிலிருந்து 6 அடி வரை இருந்தது, மருதத்து வயல்மேல். ஒரு நடனத்திலும் அது தெரிந்திருக்காது.

ஆக, எல்லாருக்கும் எப்போதும் தெரிவது ஆறரை அடியிலிருந்து பன்னிரண்டரை அடி வரை. 14 அடித் திரையில் 6 அடி. மற்றது எல்லாம் வானமும் மண்ணும் மட்டும் இருக்க வேண்டிய இடம்.

## எடுத்த முடிவுகள்

பெயரை ஓர் அடி கீழிறக்கி, எழுத்தின் உச்சி 12.5 அடியைத் தாண்டாமல் வைப்பது. 'ஆண்டு விழா'வை வயலிலிருந்து தூக்கி மருதத்தின் விடியல் வானத்தில், 8.5 அடிக்கும் 10 அடிக்கும் நடுவில் வைப்பது. ஐந்து திணையில் மருதம் மூன்றாவது. நடுப்பகுதி தானாகவே அதற்கு அமைந்திருந்தது. வைகறை வானம் வெளிறிய மஞ்சள், அதன்மேல் அடர் சிவப்பு எழுத்து நன்றாக எடுபடும். பெயருக்கும் அதே சிவப்புதான். ஆனால் அது திரையின் முழு அகலத்துக்கும் நீண்டிருந்தது. குறிஞ்சியின் நள்ளிரவு நீலத்தின்மேல் சிவப்பு மங்கியது. அதனால் முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நடு மூன்று பகுதிக்குள் பெயரை அடக்கினேன். எழுத்து 12 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைந்தது. 10 அடித் தொலைவுக்கு 1 அங்குலம் என்பது நாங்கள் கடையில் வைத்திருக்கும் கணக்கு. கடைசி நாற்காலியிலிருந்து திரை 95 அடி. 10 அங்குலம் போதும், அதற்குக் கீழே போகக்கூடாது.

அளவு 28 அடியானதால் ஐந்து திணைக்கும் தலா 5.6 அடி வந்தது. 6 அடி ரோலில் ஒவ்வொரு திணையையும் தனித்தனியாக அடித்து ஒட்டலாம், ஓரத்தில் ஒட்டுக்கு வேண்டிய அளவு மிஞ்சும். ஒட்டும் கோடுகள் திணை எல்லையிலேயே விழும். மாணவர்களின் ஓவியத்தை இழுக்காமல் அகலப்படுத்த வேண்டியிருந்தது. ஓவிய ஆசிரியர் எல்லைகளில் ஒரு மரம், ஒரு பாறை, ஒரு தாழம்புதர் என்று வரைந்து கொடுத்தார். ஒட்டு அவற்றின்மேல் மறைந்தது. இது நான் திட்டமிட்டது இல்லை, அமைந்துவிட்டது.

## இரண்டாவது மாதிரிப் படம்

இந்த முறை ஓவியக் கோப்பை 2800க்கு 1400 பிக்சலில் வைத்தேன். ஓர் அடிக்கு 100 பிக்சல். ஸ்கேலைப் பார்த்தாலே எது எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரியும், 12.5 அடி என்பது கீழிருந்து 1250. அச்சுக்கான பெரிய கோப்பு தனியே இருக்கட்டும். மாதிரிப் படத்துக்கு அந்தக் கனம் தேவையில்லை.

ஓவியத்தை வைக்கும் முன், அதே இடத்தில் ஓர் அடிக்கு ஒரு கோடு போட்ட வெறும் கட்டத்தை வைத்து நான்கு சார்ட்டுக்கு இழுத்தேன். சரிபார்க்க ஒரு வழி வைத்திருந்தேன்: படம் எடுக்கும்போது உதவியாளரைப் பைப்புக்கு நேர்க்கீழே நிற்கச் சொல்லியிருந்தேன். அவர் உயரம் ஐந்தரை அடி. கட்டத்தில் அவர் உச்சந்தலை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் சரியாக நின்றது. முதல் மாதிரிப் படத்தையும் எடுத்து, அதிலிருந்த ஒலிவாங்கி மேசையை வைத்து இதே போல் சோதித்தேன்; மூன்றே முக்கால் அடி மேசை அதில் மூன்றடிதான் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் அளவு தெரிந்த பொருள் போதும், அன்றே பார்த்திருக்கலாம்.

கடைசி வரிசைப் படத்தில் மேல் மூலைகள் தெரியாதே, எதை வைத்து இழுப்பது? இதை அங்கேயே யோசித்துவிட்டு, கயிற்றில் 10 அடி உயரத்தில் இன்னும் இரண்டு தாள்கள் கட்டியிருந்தோம். கட்டத்தின் பத்தாவது கோடு அந்தத் தாள்களில் விழும்வரை மேல் மூலைகளை ஜாலருக்குப் பின்னால் நகர்த்தினேன். பிறகு `Smart Object`-ஐத் திறந்து, கட்டத்தை அணைத்து, ஓவியத்தை வைத்துச் சேமித்தேன். மூன்று படங்களிலும் அதே அளவுக் கோப்புதான். ஒன்றில் செய்த திருத்தத்தை மற்ற இரண்டிலும் மாற்றிவைக்க இரண்டு நிமிடம்.

நிழலுக்கு, புகைப்படத்தில் இருந்த பின்சுவர்ப் பகுதியை நிறம் நீக்கி `Multiply`-இல் மெல்லியதாக மேலே போட்டேன். ஜாலருக்கு அடியில் இருட்டும் நடுவில் வெளிச்சமும் தானாக வந்தன. சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டும் கூடவே வந்து குறிஞ்சி மலையில் உட்கார்ந்தது, அதை அழித்தேன். அழகுக்கான பிரதிபலிப்பு எதையும் இந்த முறை போடவில்லை. பிள்ளைகள் நின்ற படத்திலிருந்து அவர்களை வெட்டி, நின்ற இடத்திலேயே முன்னால் வைத்தேன்.

## ஒப்புதல் இரண்டாம் முறை

இதுதான் கடினமாக இருந்தது. நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர், "போன படத்தில் பெயர் மேலே இருந்ததே, ஏன் இறக்கினீர்கள்? பள்ளியின் பெயருக்கு மேல் இவ்வளவு வெற்று இடமா?" என்றார். படத்தைக் காட்டி விளக்கினேன். அவருக்கு முதல் படம்தான் பிடித்திருந்தது. அதைத்தான் நான் அழகாகச் செய்து கொடுத்திருந்தேனே. பிடித்துப்போன படத்தை ஒருவர் மனத்திலிருந்து எடுப்பதற்கு கணக்கு உதவாது.

தலைமை ஆசிரியைதான் வழி செய்தார். "ஐயா, ஒரு நிமிடம் அரங்கத்துக்கு வாருங்கள்" என்று அழைத்துப் போய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். கயிறும் தாள்களும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. "மேலே இருக்கும் வெள்ளைத் தாள் தெரிகிறதா?" என்றார். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். பிறகு, "பாட்டி தாத்தாக்கள் எல்லாம் கடைசியில்தான் உட்காருவார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். ஒப்புதல் அவ்வளவுதான்.

## அச்சும் விழாவும்

392 சதுர அடி, சதுர அடிக்கு 12 ரூபாய் வீதம் 4,704 ரூபாய். 24 அடியில் அடித்திருந்தால் அந்தத் திரை முழுவதும் வீண். மறு அச்சுக்கு யார் பணம் தருவது என்பதில் நானும் பள்ளியும் முகம் சுளித்திருப்போம்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை திரை ஏறியது. மாதிரிப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு மூன்று இடத்திலிருந்தும் ஒப்பிட்டேன். எழுத்தின் இடம், ஜாலர் வெட்டும் இடம், பிள்ளைகளின் தலை வரும் இடம் எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தன. கடைசி வரிசையிலிருந்து பெயரின் உச்சிக்கும் ஜாலருக்கும் நடுவில் ஒரு விரல் அளவு வானம் தெரிந்தது.

மாலை ஒத்திகையில் விளக்குகள் எரிந்தபோது படத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள் வந்தன. முன்னாலிருந்து அடித்த இரண்டு விளக்குகளின் வெளிச்சம் ஃபிளெக்ஸின் பளபளப்பில் பட்டு, முதல் வரிசைகளுக்கு 'விழா' என்ற எழுத்தின்மேல் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. கண்ணாடியில் டார்ச் அடித்தது போல. விளக்குக்காரரிடம் சொன்னதும் அவற்றைப் பக்கவாட்டில் நகர்த்தினார். வெளிச்சம் திரையில் பட்டு எதிர்ப்புறப் பக்கத்திரையை நோக்கித் திரும்பியது, திட்டு போனது. இரண்டாவதைச் சரிசெய்ய முடியவில்லை. நீல விளக்கில் நடந்த ஒரு நடனத்தின்போது பாலையின் காவி மண் முழுவதும் அழுக்குப் பழுப்பாகி, கிட்டத்தட்டக் கறுத்துவிட்டது. காவியிலும் சிவப்பிலும் நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் தன்மை குறைவு. அந்த ஐந்து நிமிடமும் பாலையில் இரவுதான். 'ஆண்டு விழா' என்ற சிவப்பெழுத்தும் மங்கியது, ஆனால் வெளிறிய வானத்தின்மேல் இருந்ததால் படிக்க முடிந்தது.

## இனி மாற்றுவது

டேப் எடுத்துக்கொண்டு போகாமல் எந்த மேடைக்கும் மாதிரிப் படம் செய்வதில்லை. வெளியூர் வேலையாக இருந்தால், அங்கிருப்பவரிடம் கயிறும் நான்கு தாளும் கட்டி, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அதோடு ஐந்து அளவுகள்: திரையின் அகலமும் உயரமும், முகப்பிலிருந்து திரை எத்தனை அடி உள்ளே, ஜாலரின் கீழ்விளிம்பு எத்தனை உயரம், கடைசி வரிசை எத்தனை தொலைவு. பெரும்பாலானோருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. சிலர் செய்கிறார்கள்.

முதல் படத்தைக் கட்டம் போட்ட வெறும் செவ்வகமாகவே அனுப்புகிறேன். ஓவியமும் நிழலும் சேர்த்த படம் ஒருமுறை போய்விட்டால் அதற்குப் பிறகு அளவைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. கட்டத்தில் பெயர் எங்கே, தலைப்பு எங்கே என்று முடிவான பிறகுதான் அழகு.

பளபளப்பு குறைந்த மேட் துணி சதுர அடிக்கு விலை கூடுதல். ஆனாலும் முன்விளக்கு உள்ள மேடைக்கு அதைச் சொல்லிப் பார்க்கிறேன். விளக்குக்காரர் எந்த நிறங்கள் போடப் போகிறார் என்பதை ஓவியம் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை ஒருமுறைகூட நேரத்துக்குப் பதில் வாங்க முடியவில்லை, ஏனென்றால் விளக்குக்காரர் யார் என்பது விழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் முடிவாகிறது.